கரிசலும் கறுப்பு மண்ணும்: ஊர்க் காணொளி பார்த்து பினாங்கில் வெண்டி போடுவோருக்கு

பக்கத்து வீட்டு அண்ணன் போன வருஷம் ஆடி மாதம் வெண்டி போட்டார். செபராங் பிறையில் எங்கள் தாமானில் எல்லா வீட்டுக்கும் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. அவருடையது மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் பேசிய காணொளியைப் பார்த்து, அவர் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தார். கரிசல் மண் நல்லது என்றார்கள், நர்சரியில் பத்து மூட்டை பிளாக் சாயில் வாங்கிப் போட்டார். பாத்தி கட்டு என்றார்கள், கட்டினார். ஆடிப்பட்டம் என்றார்கள், ஆடி முதல் வாரமே விதைத்தார். வாரம் ஒரு தண்ணீர் என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊற்றினார்.

தண்ணீர் ஊற்றிய நான்காம் நாளே நாற்றுகள் துவண்டன. பிழைத்தவை செப்டம்பர் மழையில் மஞ்சளாகி அழுகின. "தம்பி, அவரு சொன்னதுல ஒண்ணு விடாம செஞ்சேனே, விதைதான் சரியில்லையோ?" என்று வந்தார்.

விதையில் குறையில்லை. காணொளியிலும் தவறில்லை. நான்கு சொற்கள் கடல் தாண்டும்போது பொருள் மாறிவிட்டன: கரிசல், பட்டம், தண்ணீர், பாத்தி. நம்மில் பலர் இந்தச் சொற்களுக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டவைத்துப் புரிந்துகொண்டதாக நினைக்கிறோம். அந்த ஒட்டுதான் பல இடங்களில் பிசகுகிறது.

## மண்ணிடம் கேட்கும் வெவ்வேறு கேள்விகள்

ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது சிவப்பாக இருப்பார் என்றும் சொல்லலாம், ஈப்போக்காரர் என்றும் சொல்லலாம், கோபக்காரர் என்றும் சொல்லலாம். மூன்றும் ஒரே ஆள். தமிழில் மண் பெயர்கள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. செம்மண் என்பது நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். வண்டல் என்றால் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து படியவைத்தது, அதாவது மண் வந்த வழி. உவர் என்றால் உப்புப் பூத்த மண், அதாவது அதன் குணம். மணலும் களியும் துகளின் பருமனைச் சொல்கின்றன.

இன்றைய ஆங்கில வேளாண்மை நூலைத் திறந்தால் சாண்ட், சில்ட், க்ளே, லோம் என்ற நான்கு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். இவை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: துகள் எவ்வளவு பெரியது? இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே, விரலில் நறநறப்பது சாண்ட், நம் மணல். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது க்ளே, நம் களி. இடைப்பட்டது சில்ட், காய்ந்தால் முகப் பவுடர் போலவும் நனைந்தால் வழுவழுப்பாகவும் இருக்கும். இந்த மூன்றும் ஏதேனும் ஒன்று ஓங்காமல் கலந்திருந்தால் லோம். வேளாண்மைத் துறையின் தமிழ் ஏடுகளில் இதை இருமண்பாடு என்று எழுதுவார்கள்.

தடுமாற்றம் அதிகம் நடப்பது வண்டலில். பள்ளிப் பாடத்தில் சில்ட் துகளுக்கும் வண்டல் என்றே பெயர். ஆறு படியவைத்த மண்ணுக்கும், ஆங்கிலத்தில் அலுவியல் சாயில் என்பதற்கும், அதே பெயர். காவிரிக் கழிமுக வண்டலில் பெரும்பகுதி களிதான். ஆகவே "வண்டல் மண்ணில் நன்றாக வரும்" என்று ஒருவர் சொன்னால் அவர் ஆற்றைச் சொல்கிறாரா, துகளைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. விவசாயி பேசினால் பெரும்பாலும் ஆறுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தமிழ்ப் பெயர்கள் நிறம், வந்த வழி, குணம், துகள் என்று பல கோணத்தில் வைக்கப்பட்டவை. ஆங்கிலத்தின் லோமும் க்ளேயும் துகளை மட்டும் சொல்பவை. ஒரு செம்மண் மணற்பாங்காகவும் இருக்கலாம், களிப்பாங்காகவும் இருக்கலாம்.

## கரிசல் எதனால் கரிசல்

இந்திய ஆங்கிலத்தில் கரிசலை பிளாக் சாயில் என்றோ பிளாக் காட்டன் சாயில் என்றோதான் சொல்வார்கள். பருத்தி விளையும் மண் அது. கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நம் ஊர் நர்சரியிலும் பிளாக் சாயில் என்று மூட்டை இருக்கிறது. மலாயில் தானா ஹீத்தாம். அண்ணன் விழுந்த குழி இதுதான். ஆங்கிலப் பெயர் ஒன்று, பொருள்கள் இரண்டு.

நர்சரி மூட்டையின் கறுப்பு, மக்கிய இலைதழையின் கறுப்பு. கரிசலைப் பார்த்தால் அதுவும் மக்கு நிறைந்த மண் என்று தோன்றும். உண்மையில் கரிசலில் மக்கு குறைவு. அதன் சிறப்பு அதிலுள்ள களியின் வகையில் இருக்கிறது. ஸ்மெக்டைட் என்ற அந்தக் களி, நன்றாக அடித்த ரொட்டி சானாய் மாதிரி மெல்லிய அடுக்கடுக்காக இருக்கும். குழம்பு ஊற்றினால் அடுக்குகளுக்கு நடுவே இறங்கி ரொட்டி உப்புகிறதல்லவா, அதுபோல் இந்தக் களியின் அடுக்குகளுக்கு நடுவே நீர் புகுந்து மண்ணே உப்புகிறது. காயும்போது சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிறது. நனைந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு விடாது.

நம் ஊர் மேட்டுநிலச் செம்மண்ணிலும் களி உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கயோலினைட் என்ற வகை. அதன் அடுக்குகள் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், நடுவில் நீர் புகாது. அதனால்தான் நம் செம்மண் மழையில் வழுக்கினாலும் கரிசல் போல் உப்பி வெடிப்பதில்லை.

வீட்டில் சோதிப்பது எளிது. மூட்டை மண்ணை ஒரு கைப்பிடி நனைத்து உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போல் பிதுக்குங்கள். களிமண் என்றால் 5 சென்டிமீட்டரைத் தாண்டியும் அறுபடாமல் நீளும். லோம் 2.5 சென்டிமீட்டருக்குள் அறுந்துவிடும். அண்ணனின் மூட்டை மண் உருண்டையாகவே பிடிபடவில்லை, கையில் உதிர்ந்தது.

## பாட்டிலில் போட்டுப் பார்த்தது

விரலை நம்பாதவர்களுக்கு பாட்டில் இருக்கிறது. நேர்ச்சுவர் உள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு சொட்டு. நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துவிட்டு நகர்த்தாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அடியில் விழுவது மணல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது சில்ட். களி மறுநாள்தான் இறங்கும். சில மண்ணில் அதற்கு மேலும் ஆகும். மக்கு மேலே மிதக்கும்.

அண்ணனின் மண்ணில் மறுநாள் 8 சென்டிமீட்டர் படிந்திருந்தது. மணல் 6, சில்ட் 1, களி 1. மேலே கறுப்பாக ஒரு தடித்த ஆடை மிதந்தது. அதாவது நான்கில் மூன்று பங்கு மணல்; கறுப்பு நிறம் முழுவதும் அந்த ஆடையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் சாண்டி லோம், தமிழில் மணற்பாங்கான இருமண்பாடு. கெட்ட மண் என்று இதைச் சொல்ல மாட்டேன், வெண்டிக்குப் பொருந்தும். ஆனால் கரிசலுக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கு இதற்குப் பொருந்தாது.

ஒரு எச்சரிக்கை. நீரில் களி உப்பியிருப்பதால் பாட்டிலில் அது இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். மண் எந்த வகை என்று தெரிய இது போதும், துல்லியமான அளவுக்கு ஆய்வகம்தான்.

## ‘ஒரு தண்ணீர்’ என்றால் எவ்வளவு

தமிழ்நாட்டு விவசாயி தண்ணீரை எண்ணுவார். "மூணு தண்ணி பாய்ச்சியாச்சு" என்றால் மூன்று முறை பாசனம் கொடுத்தாயிற்று என்று பொருள். ஆங்கிலத்தில் த்ரீ இரிகேஷன்ஸ். ஒவ்வொரு தண்ணீரும் ஒரு வாளி கணக்கில்லை. வாய்க்காலைத் திறந்து, வேர் இருக்கும் ஆழம் வரை மண் நிரம்பும்படி விடுவது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஊற்றியது பூவாளியில் ஒரு தடவை.

வாரம் ஒரு தண்ணீர் அங்கே எப்படிப் போதுகிறது? மண்ணைப் பஞ்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை நனைத்துத் தூக்கினால் முதலில் கொஞ்சம் தானாக ஒழுகிவிடும். கையால் பிழிந்தால் இன்னும் கொஞ்சம் வரும். அதற்குப் பிறகும் ஈரம் இருக்கும், ஆனால் பிழிய முடியாது. மண்ணிலும் அப்படித்தான். ஒழுகியதும் செடிக்கு இல்லை, பிழிய முடியாததும் இல்லை. நடுவில் வேர் பிழிந்து எடுக்கும் பங்குக்கு ஆங்கிலத்தில் அவெய்லபிள் வாட்டர் என்று பெயர். நாம் எட்டும் நீர் என்று வைத்துக்கொள்வோம்.

இதை மழையைப் போலவே மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஒரு மீட்டர் ஆழக் களிமண்ணில் எட்டும் நீர் சுமார் 180 மில்லிமீட்டர், சாண்டி லோமில் சுமார் 100. வெண்டி கரிசலில் 60 சென்டிமீட்டர் வேர் விட்டால் அதற்குக் கிடைக்கும் பஞ்சு 108 மில்லிமீட்டர். பாதி தீர்வதற்குள் மறுபடி பாய்ச்சுவது வழக்கம், ஆக 54. நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவானாலும் பத்து நாள் தாங்கும். வாரம் ஒன்று என்பது நிதானமான கணக்கு.

அண்ணன் மூட்டை மண்ணைப் போட்டது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. அதற்குக் கீழே வீடு கட்டும்போது மெஷின் விட்டு அமுக்கிய நிரப்பு மண், வேர் உள்ளே போகாது. அப்படியானால் எட்டும் நீர் மொத்தமே 15 மில்லிமீட்டர், அதில் பாதி ஏழரை. நாளுக்கு 4 மில்லிமீட்டர் என்று குறைவாக வைத்தாலும் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். நாற்றின் வேர் இன்னும் மேலாக இருப்பதால் அதற்கு அதுகூட இல்லை. ஞாயிறு ஊற்றி வியாழன் துவண்டதில் வியப்பில்லை. மழையில்லாத நாட்களில் அவருடைய மூன்று சதுர மீட்டருக்கு நாளுக்கு 12 லிட்டர் வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால் 24.

இதோடு இன்னொரு சொல்லையும் அவர் தவறவிட்டார். விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அப்புறம்தான் வாரம் ஒன்று. காணொளியில் உயிர்த்தண்ணீர் என்றதை ஏதோ பக்தியான பேச்சு என்று நினைத்து விட்டுவிட்டாராம்! அது ஒரு தொழில்சொல். இந்திய ஆங்கில வேளாண் ஏடுகளிலும் லைஃப் இரிகேஷன் என்றே வரும். மூன்று நாளில் மேல்மண் காய்ந்து ஓடு கட்டும், முளை அதை முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஓட்டை இளக்கி முளையை வெளியே விடுவதற்குத்தான் அந்தத் தண்ணீர்.

சுருக்கமாக: தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை மண்ணின் வகையும் வேரின் ஆழமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நிறம் அதில் வராது.

## பருவம், பட்டம், போகம்

சீசன் என்ற ஒரு சொல்லை வைத்து ஆங்கிலம் சமாளிக்கும் இடத்தில் தமிழ் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. பருவம் என்பது வானத்தைப் பற்றியது: மழை, வெயில், பனி. பட்டம் என்பது விதைக்கும் நேரம்; ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று மாதத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். பறக்கவிடும் பட்டத்துக்கும் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் சோயிங் சீசன். போகம் என்பது விதைத்து அறுத்து முடிக்கும் ஒரு சுற்று. வருஷத்துக்கு இரண்டு சுற்று நடந்தால் இருபோகம், ஆங்கிலத்தில் டபுள் க்ராப்பிங்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி பட்டத்தைப் பற்றியது, ஆனால் அதன் காரணம் பருவத்தில் இருக்கிறது. ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அப்போது தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையின் சிறு தூறல் மண்ணை நனைக்கும். பயிர் வேர்பிடித்து நிமிரும்போது அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அந்த மூன்று மாதத்தில்தான். அங்கேயும் எல்லோருக்கும் ஆடி இல்லை. கோவில்பட்டிக் கரிசலில் மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்பவர்கள் புரட்டாசி வரை காத்திருந்து விதைப்பார்கள்.

பினாங்கில் மழைக் கணக்கு வேறு. இங்கே ஏப்ரல், மே ஒரு மழை; செப்டம்பர், அக்டோபர் அதைவிடப் பெரிய மழை; ஜனவரி, பிப்ரவரி வறண்ட வெயில். வெண்டி விதைத்த ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். ஜூலை கடைசியில் விதைத்தால் காய்ப்பு செப்டம்பர் நடுவில், ஆண்டின் பெருமழை நடுவே. பூ உதிரும், இலையில் புள்ளி விழும், வேர் மூச்சுத் திணறும். என் அனுபவத்தில் இங்கே வெண்டிக்கு டிசம்பர் கடைசி வசதி. மழை ஓய்ந்து, வெயிலில் காய்க்கும். தண்ணீரை நாம் ஊற்றிக்கொள்ளலாம். மார்கழிப்பட்டம் என்று வேண்டுமானால் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடா ஆற்றுப் பக்கம் நெல்வயல்களைப் பார்ப்பவர்கள் இன்னொரு சொல்லில் இடறுவார்கள். மூசிம் உத்தாமா, லுவார் மூசிம் என்ற இரண்டையும் மெயின் சீசன், ஆஃப் சீசன் என்று எழுதுகிறார்கள். ஆஃப் சீசன் என்றதும் நிலம் சும்மா கிடக்கும் காலம் என்று ஒரு மேடையில் ஒருவர் பேசக் கேட்டிருக்கிறேன். அப்படியில்லை. ஆகஸ்ட் முதல் பிப்ரவரி முடிவுக்குள் நடவு தொடங்கினால் அது மூசிம் உத்தாமா, மழையே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். மார்ச் முதல் ஜூலை வரை தொடங்கினால் லுவார் மூசிம், கால்வாய்த் தண்ணீர் வந்தாக வேண்டும். இரண்டிலும் நெல் விளைகிறது. கெடாவில் மூடா, பெடு அணைகள் வந்த பிறகுதான் அங்கே இருபோகம் பரவலானது.

தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்க ஒரே சொல் போதும்: குறுவை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அந்தத் தண்ணீரை நம்பி நடும் குறுகிய காலப் பயிர்தான் குறுவை. மழையோடு சேர்ந்து வளரும் நீண்ட பயிர் சம்பா. லுவார் மூசிமும் குறுவையும் எப்போதும் ஒரே மாதத்தில் தொடங்குவதில்லை, ஆனால் இரண்டுமே அணையைப் பார்த்து நடும் போகம்.

## பாத்தியும் பாத்தாஸும்

நீர் பற்றிய சொற்களில் இரண்டைப் பிரித்துவைத்தால் பாதிக் குழப்பம் தீரும். மழை ஒன்றையே நம்பினால் மானாவாரி, ரெயின்ஃபெட். கிணற்றிலிருந்தோ குழாய்க் கிணற்றிலிருந்தோ இறைத்துப் பாய்ச்சினால் இறவை. காணொளிக்காரர் பேசியது இறவை வெண்டியைப் பற்றி.

வாய்க்காலுக்கு மலாயில் தாலி ஆயேர், நீர்க்கயிறு என்று பொருள். எங்கள் வீட்டில் அதைக் கேட்டுக் கல்யாணத் தாலியை நினைத்துச் சிரிக்காத பிள்ளை இல்லை.

கடைசிச் சொல் பாத்தி. தமிழ்நாட்டில் வெறுமனே பாத்தி என்றால் நான்கு பக்கமும் வரப்பு கட்டிய, நீரை உள்ளே நிறுத்திவைக்கும் தட்டு. உயர்த்திக் கட்டியது என்றால் மேட்டுப்பாத்தி என்று சேர்த்துச் சொல்வார்கள். இங்கே காய்கறித் தோட்டங்களில் மலாயில் பாத்தாஸ் என்கிறார்கள், சத்தம் பாத்தி மாதிரியே இருக்கும். வேலை நேர் எதிர். பாத்தாஸ் ஒரு ஜாண் உயர்த்திக் கட்டி, பெய்த மழையை இருபுறக் கானுக்கு இறக்கிவிடுவது. நம் நாட்டில் 1932இல் அமைந்த துறையின் பெயரிலேயே பாசனமும் வடிகாலும் சேர்ந்து இருக்கின்றன. ஆண்டு முழுக்க மழை பெய்யும் ஊரில் தண்ணீர் கொண்டுவருவதைப் போலவே வெளியேற்றுவதும் வேலை.

அண்ணன் கட்டியது வரப்புப் பாத்தி. அடியில் அமுக்கிய மண், சுற்றிலும் வரப்பு. செப்டம்பரில் அது குளியல் தொட்டியாகிவிட்டது. செடி துவளுவதைப் பார்த்து அவர் இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தாகத்தில் துவளும் செடி உச்சி வெயிலில் தலைசாய்ந்து சாயங்காலம் நிமிரும். நீர் தேங்கித் துவளுவது மண் ஈரமாக இருக்கும்போதே துவளும், சாயங்காலமும் நிமிராது, அடியிலை முதலில் மஞ்சளாகும். சந்தேகம் என்றால் ஒரு செடியைப் பிடுங்குங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் தாகம். பழுப்பாகி, சாக்கடை நாற்றம் அடித்தால் மூச்சுத் திணறல். அவருடையது நாறியது.

டிசம்பர் கடைசியில் வரப்பை உடைத்து, அடிமண்ணை ஒரு கடப்பாரை ஆழத்துக்குக் குத்தி இளக்கி, பாத்தாஸ் உயர்த்தினோம். விதைத்து மூன்றாம் நாள் காலையில் பூவாளியோடு வந்து நின்றார். இரவு லேசாகத் தூறியிருந்தது. "உயிர்த்தண்ணி இன்னைக்கு, ஊத்தவா வேணாமா?" மண்ணில் விரலை விட்டேன். இரண்டாம் கணு வரை ஈரம், மேலே ஓடு கட்டவில்லை. வேண்டாம் என்றேன். பூவாளியைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றினார்.